பதினோரு நாளில் முன்னூறு பக்கம்

ஓர் அஞ்சலிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இறந்தவர் மொழிபெயர்ப்பாளர். 58 வயது. மேடையில் பேசிய ஒருவர் குரல் தழுதழுக்கச் சொன்னார்: “பதினோரு நாள்ல முன்னூறு பக்கம் முடிச்சுக் குடுத்தாருங்க. தூங்கல, சாப்பிடல. டீயும் சிகரெட்டும்தான். அதான் அர்ப்பணிப்பு!” அரங்கம் கைதட்டியது. நான் தட்டவில்லை.

அந்த முன்னூறு பக்கத்தின் கதை எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் அவருக்கு வேலையே இல்லை. வீட்டு வாடகை நின்றுபோயிருந்தது. அந்தப் பயத்தில், ஒரே வாரத்தில் வந்த மூன்று வேலைகளுக்கும் சரி என்று சொல்லிவிட்டார். முதல் இரண்டையும் முடிக்கவே தவணை தாண்டிவிட்டது. மூன்றாவதற்கு மிஞ்சியது பதினோரு நாள். முடித்துக்கொடுத்த பிறகு மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். அந்த மூன்று வாரத்தில் யாருக்கும் பில் அனுப்பவில்லை, யாரிடமும் வேலை கேட்கவில்லை. அடுத்த இரண்டு மாதம் மறுபடி வறட்சி. இப்படியே இருபது ஆண்டுகள். இதற்கு அர்ப்பணிப்பு என்று பெயர் வைத்து மாலையும் போடுகிறோம்.

நம் இலக்கிய உலகத்துக்கு இது பழைய வியாதி. புதுமைப்பித்தன் 1948-ல், 42 வயதில், காசநோயில் இறந்தார். அதை ஒரு சமூகத்தின் தோல்வியாக நினைவுகூர்வதை விட்டுவிட்டு, எழுத்தாளன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்பதற்கு முன்மாதிரியாகச் சொல்லி வருகிறோம். கையில் காசு நிற்காதவன்தான் உண்மையான கலைஞன். வரவு செலவு எழுதி வைப்பவன் குமாஸ்தா. இந்தக் கட்டுரை அந்தக் குமாஸ்தாவின் தரப்பு.

நான் சொல்ல வருவது இதுதான். மாதச் சம்பளம் இல்லாமல் எழுத்தையும் மொழிபெயர்ப்பையும் நம்பிப் பிழைப்பவர்களில் பெரும்பாலோரை உடைப்பது வருமானத்தின் அளவு மட்டுமல்ல. வருமானம் வரும் நேரம்தான் அவர்களை முதலில் உடைக்கிறது. அந்த நேரக்கோளாறைச் சரிசெய்ய இரண்டு சாதாரண ஏற்பாடுகள் உண்டு: ஒரு தேக்கநிதி, மாறாத ஒரு வார ஒழுங்கு. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பயனில்லை. ஏன் என்பதை என் கணக்கு நோட்டை வைத்தே சொல்கிறேன். ஊரார் நோட்டைத் திறக்க எனக்கு உரிமை இல்லை.

*

2018 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை எனக்கு வந்த பணம், ஆயிரம் ரூபாய்க் கணக்கில், வரிப்பிடித்தம் போக:

ஏப்ரல் 71, மே 22, ஜூன் 9, ஜூலை 34, ஆகஸ்ட் 58, செப்டம்பர் 16, அக்டோபர் 47, நவம்பர் 12, டிசம்பர் 28, ஜனவரி 63, பிப்ரவரி 41, மார்ச் 55.

கூட்டினால் 4,56,000 ரூபாய். மாதச் சராசரி 38,000. எங்கள் வீட்டுச் செலவு, வாடகை, பள்ளிக் கட்டணத்தைப் பன்னிரண்டாக வகுத்துச் சேர்த்து, மாதம் 33,000. ஆண்டுக்கு 3,96,000. அதாவது அந்த ஆண்டு எங்களுக்கு 60,000 மிச்சமாகியிருக்க வேண்டும். ஆனால் நடந்தது என்ன? ஜூன் மாதம் மனைவியின் வளையலை அடகுக் கடையில் வைத்து 35,000 வாங்கினேன். இரண்டு வட்டி. ஜனவரியில் மீட்டபோது வட்டி மட்டும் 4,900.

ஏப்ரலில் வந்த 71,000 எங்கே போனது? பழைய கைமாற்று அடைந்தது. குளிர்பதனப் பெட்டி வந்தது. புத்தகம் வாங்கினேன். ஓர் உறவுக்காரர் கேட்டார், கொடுத்தேன். வெள்ளம் வரும்போது எல்லோரும் வள்ளல்தான். மே, ஜூன் இரண்டு மாதத்தில் 35,000 துண்டு விழுந்தது. துண்டு விழுந்த அதே 35,000 ஏப்ரலில் என் கையில் இருந்ததுதான்.

வட்டியைக்கூட விடுங்கள். உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் நடந்தது. எனக்கு அப்போது சராசரிக் கூலி சொல்லுக்கு 1 ரூபாய் 60 காசு. ஜூன் மாத வறட்சியில் ஓர் இடைத்தரகு நிறுவனம் 60,000 சொல் வேலை ஒன்றை 80 காசுக்குத் தந்தது. மூன்று வாரக் கெடு. பயந்தவனுக்குப் பேரம் பேச வராது. ஒப்புக்கொண்டேன். 96,000 ரூபாய் வேலையை 48,000-க்குச் செய்தேன். அடகுக் கடைக்காரர் என்னிடம் எடுத்தது 4,900. என் பயம் எடுத்தது 48,000.

அந்த வேலையில் இன்னொன்றும் நடந்தது. நோயாளிகளுக்கான கையேடு அது. கடைசி வாரம் தினமும் இரவு இரண்டு, மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு மாத்திரையை உணவுக்கு முன் சாப்பிட வேண்டும் என்று மூலத்தில் இருந்தது. நான் ‘உணவுக்குப் பின்’ என்று எழுதியிருந்தேன். சரிபார்த்தவர் கண்டுபிடித்துவிட்டார், அச்சுக்குப் போகவில்லை. இன்றும் அந்த வரி நினைவுக்கு வந்தால் வயிற்றில் ஏதோ செய்கிறது. விழித்திருந்ததற்காக எனக்கும் யாராவது ஒருநாள் கைதட்டக்கூடும். மாத்திரையை மாற்றிச் சாப்பிட்டிருக்கக்கூடியவர் தட்டமாட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலைச் சோர்வுக்கு மூன்று அடையாளங்கள் சொன்னது. ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பது, செய்யும் திறன் குறைவது. நீண்ட காலம் கையாளப்படாத வேலை நெருக்கடியின் விளைவு என்று அது சொல்கிறது; தனி நோயாக வகைப்படுத்தவில்லை. மொழிபெயர்ப்பாளனுக்கு இந்த மூன்றும் பக்கத்திலேயே தெரிந்துவிடும். முதலில் வாக்கியங்கள் மூலமொழியின் வரிசையிலேயே வரத் தொடங்கும். திருப்பிப் போடத் தெம்பிருக்காது. பிறகு பத்தாம் பக்கத்தில் ஒரு கலைச்சொல்லுக்கு வைத்த தமிழ் ஐம்பதாம் பக்கத்தில் மாறியிருக்கும். அப்புறம் ஒரு வரியே காணாமல் போகும். கடைசியாக, மின்னஞ்சலைத் திறக்கவே கை கூசும். நான்காவது அடையாளம் வந்துவிட்டால், அடுத்த வறட்சிக்கு நீங்களே நாள் குறித்துவிட்டீர்கள் என்று பொருள்.

காரணம் எளிது. இந்தத் தொழிலில் இன்று செய்யும் வேலைக்கு இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் காசு வரும். என் ஜூன் வறட்சியின் விதை பிப்ரவரி, மார்ச்சில் விழுந்தது. நிதியாண்டு முடிவதற்குள் பட்ஜெட்டைச் செலவழிக்க வேண்டிய நிறுவனங்கள் அப்போதுதான் வேலையைக் கொட்டும். நான் அதில் மூழ்கியிருந்தேன். புதிய வேலை தேடவில்லை, முடித்ததற்கு பில்லும் போடவில்லை. மே மாதம் வந்து நின்றபோது ‘காலம் சரியில்லை’ என்றேன். காலத்தின் மேல் தப்பில்லை. மார்ச்சில் நான் செய்யாமல் விட்ட வேலைதான் ஜூனில் வந்து கதவைத் தட்டியது.

*

இதற்கு ஊரில் கிடைக்கும் அறிவுரை என்ன? “ஆறு மாசச் செலவைச் சேத்து வெச்சுக்கோ.” பண நிர்வாகப் புத்தகங்கள் எல்லாம் இதைச் சொல்கின்றன. என் கணக்கில் அது 1,98,000 ரூபாய். அடகுச் சீட்டைக் கையில் வைத்திருப்பவனிடம் போய் இரண்டு லட்சம் சேர்த்துவிட்டு வா என்பது அறிவுரையா, கிண்டலா? இந்த எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் பலரும் ‘நமக்கு இதெல்லாம் ஆகாது’ என்று விட்டுவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் விட்டிருந்தேன்.

அந்த அறிவுரை இரண்டு வேறு விஷயங்களைக் குழப்புகிறது. நோய், விபத்து, வேலையே அற்றுப்போவது போன்றவற்றுக்கான நிதி ஒன்று. அது பெரிதாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் மெதுவாகச் சேரலாம். வரவு மேலும் கீழுமாக ஆடுவதைச் சமன் செய்யும் தேக்கம் வேறொன்று. அது ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறியது.

நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை இரண்டு, மூன்று மாதத்தில் கொட்டித் தீர்க்கும். பயிருக்கு ஒவ்வொரு வாரமும் தண்ணீர் வேண்டும். நடுவில் ஏரி. கரை நீரைத் தேக்கும், மதகு அளந்து விடும், நிறைந்தால் கலங்கல் வழியாக மிச்சம் அடுத்த ஏரிக்குப் போகும். ஏரி மழையை அதிகமாக்குவதில்லை. மழையின் நேரத்தைப் பயிரின் நேரத்துக்கு மாற்றித் தருகிறது. எவ்வளவு பெரிய ஏரி வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ரிப்பிள் என்ற பொறியாளர் 1883-ல் நீர்த்தேக்கங்களுக்கான ஒரு முறையை வெளியிட்டார். வரத்தையும் தேவையையும் மாதாமாதம் கூட்டிக்கொண்டே போய், எங்கே இடைவெளி மிக ஆழமாக விழுகிறது என்று பார்ப்பது. அந்த ஆழம்தான் தேக்கத்தின் அளவு. நோட்டும் பேனாவும் போதும்.

என் ஆண்டுக்கு அதைச் செய்து பார்ப்போம். வரும் பணம் முழுவதும் ஏரிக்குப் போகிறது. மாதா மாதம் 33,000 மட்டும் மதகு வழியாக வீட்டுக்கு வருகிறது. ஏரி காலியாக இருக்கும்போது ஏப்ரலில் தொடங்குகிறோம். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஏரியில் இருக்கும் இருப்பு, ஆயிரத்தில்:

ஏப்ரல் 38, மே 27, ஜூன் 3, ஜூலை 4, ஆகஸ்ட் 29, செப்டம்பர் 12, அக்டோபர் 26, நவம்பர் 5, டிசம்பர் 0, ஜனவரி 30, பிப்ரவரி 38, மார்ச் 60.

ஒரு மாதம்கூடக் கீழே போகவில்லை. டிசம்பரில் தரை தட்டியது, அவ்வளவுதான். வளையல் கழுத்துப்பட்ட பாடு படாமல், கையிலேயே இருந்திருக்கும். 80 காசு வேலைக்கு ஜூனில் ‘இல்லைங்க, கட்டுப்படியாகாது’ என்று சொல்லியிருக்கலாம். (சொல்லியிருந்தால் ஆகஸ்ட் வரவும் மாறியிருக்கும் என்பது சரி, ஆனால் அந்த மூன்று வாரத்தில் முழுக் கூலிக்கு அதில் பாதி வேலை தேடிச் செய்திருந்தாலே அதே காசு.)

ஏப்ரல் உச்சத்திலிருந்து டிசம்பர் பள்ளம் வரை விழுந்த ஆழம் 38,000. ஒரு மாதச் செலவை விடக் கொஞ்சம் அதிகம். எனக்குத் தேவையாயிருந்த ஏரி அவ்வளவுதான்! ஆறு மாதச் செலவு சேரவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் இந்தக் கணக்கை யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆனால் ஒரே ஆண்டின் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. பெரிய பில் ஒன்று இரண்டு மாதம் இழுத்தடிக்கப்பட்டால் பள்ளம் அந்த அளவுக்கு ஆழமாகும். ஆகவே நான் பள்ளத்தோடு அந்த ஆண்டின் மிகப் பெரிய பில்லையும் சேர்த்தேன். 38-ம் 48-ம் 86. ஏரியின் கோட்டை 90,000 என்று போட்டேன். இன்னும் மூன்று மாதச் செலவுக்குள்தான் இருக்கிறது.

*

மதகுக்குச் சில விதிகள் வேண்டும். விதி இல்லாத ஏரி குளிக்கிறவனுக்கும் மாடு கழுவுகிறவனுக்கும்தான் உதவும்.

மதகின் அளவைச் சராசரி வருமானத்தில் வைக்கக் கூடாது, செலவில் வைக்க வேண்டும். 38,000 சம்பாதிக்கிறேன் என்று 38,000 எடுத்தால் ஏரி ஒருநாளும் நிறையாது. 33,000 எடுத்ததால்தான் மாதம் 5,000 தங்கியது. பெரிய காசு வந்த மாதத்தில் மதகை அகலமாகத் திறக்கக் கூடாது. உயர்த்துவதாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில், ஏரி கோட்டைத் தொட்டிருந்தால் மட்டும்.

ஏரி வேறு வங்கியில் இருக்க வேண்டும். கைபேசியில் அந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பும் செயலியை இணைக்கக் கூடாது. வாடிக்கையாளர் எல்லோருக்கும் அந்தக் கணக்கு எண்ணையே தர வேண்டும். மாதம் 1-ஆம் தேதி 33,000 தானாக வீட்டுக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஒரு நிலையான உத்தரவு. பங்குச் சந்தையில் போடாதீர்கள். தேவைப்படும் மாதத்தில்தான் அது இறங்கியிருக்கும். சீட்டும் இதற்கு ஆகாது. என் அம்மா சீட்டுப் போட்டுத்தான் குடும்பத்தை நிமிர்த்தினார். சீட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் சீட்டுத் தவணை வறண்ட மாதத்திலும் கட்ட வேண்டும். அவசரத்துக்கு எடுக்க வேண்டுமென்றால் ஏலத்தில் தள்ளி எடுக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அது சேமிப்பு. நமக்கு அது இன்னொரு வாய்.

கோட்டைத் தாண்டியது எல்லாம் கலங்கல் வழியே வெளியேற வேண்டும்: முதலில் நோய்க்கும் விபத்துக்குமான நிதி, பிறகு முதுமை. ஏரியிலேயே குவித்து வைத்தால் ஒருநாள் அதைப் பார்த்து ஆசை வரும்.

மதகின் மதிப்பை எனக்குப் புரியவைத்தது என் மனைவிதான். கணக்கைக் காட்டியபோது அவள் சொன்னாள்: “மாசம் முப்பத்திமூணு வரும்னு உறுதியா சொல்லுங்க, அதுக்குள்ள நான் ஓட்டிக்கிறேன். எழுபதும் ஒன்பதுமா வந்தா யாரால முடியும்? எழுபது வந்தப்போ நீங்க ராஜா, ஒன்பது வந்தப்போ உங்க மூஞ்சியப் பாக்க முடியல. ரெண்டு பேரோடயும் நான்தான குடும்பம் நடத்தணும்?” அர்ப்பணிப்பைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறை அந்த வீட்டுப் பெண்களிடமும் மைக்கைக் கொடுத்துப் பார்க்கலாம்.

2019 ஏப்ரலில் தொடங்கினேன். அடுத்த மார்ச்சில் ஏரியில் 60,000 இருந்தது. மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு. வேலை நின்றது, பில்கள் நின்றன. மதகை 27,000-க்கு இறக்கினோம். ஏப்ரல், மே இரண்டு மாதம் ஒரு ரூபாய் வரவில்லை. மே கடைசியில் மிச்சம் 6,000. ஜூனில் நோய்த்தடுப்புப் பிரசுரங்களை மொழிபெயர்க்கும் வேலை வந்தது. ஏரி எங்களைப் பெருமழையிலிருந்தும் பெரும் பஞ்சத்திலிருந்தும் காப்பாற்றியது என்று கதை சொல்ல மாட்டேன். இன்னொரு மாதம் போயிருந்தால் மறுபடி அடகுக் கடைதான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் நான் யாருடைய 80 காசுக்கும் தலையாட்டவில்லை. ஏரியில் 30,000-க்குக் கீழே போனால் முதலில் மதகைக் குறைப்பது, இரவு வேலையை ஒப்புக்கொள்வது கடைசியில்தான் என்ற விதியும் அப்போது பிறந்தது.

*

இனி வார ஒழுங்கு. இங்கேதான் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். “அதெல்லாம் ஆபீஸ் காரனுக்குப்பா. மொழிபெயர்ப்பு மனசு கூடி வரணும்.”

ஆந்தனி டிரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். காலை 5.30-க்கு மேசையில் இருப்பார். அந்நேரத்துக்குக் காபி கொண்டுவர ஒரு வேலையாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு தனியாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். இப்படி 47 நாவல்கள். அவர் இறந்த மறு ஆண்டு, 1883-ல், தன்வரலாறு வெளிவந்து இந்த ரகசியம் தெரிந்ததும் அவருடைய மதிப்பு சரிந்தது. கடிகாரம் பார்த்து எழுதியவன் கலைஞனா என்றார்கள். அதற்கு முன்பு அதே நாவல்களைப் படித்து மகிழ்ந்தவர்கள்தான். நம் அஞ்சலிக் கூட்டமும் அந்த லண்டன் வாசகர்களும் ஒரே சாதி.

என் ஒழுங்கு இது. முதலில் ஒரு மாதம் அளந்தேன். காலை 6 முதல் 10 வரை, நான்கு மணி நேரத்தில், பழகிய துறையில் 1,800 சொல் முதல் வரைவு வரும். ஐந்தாவது மணி நேரத்தில் வருவதை மறுநாள் அடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே திங்கள் முதல் வியாழன் வரை காலையில் வரைவு. பிற்பகல் இரண்டு மணி நேரம் முந்தைய நாளின் வரைவைத் திருத்துவது. அன்றைய வரைவை அன்றே திருத்தினால் பிழை கண்ணுக்குத் தெரியாது. வாரத்துக்கு 7,200 சொல் என் கொள்ளளவு.

ஆனால் 7,200-க்கு ஒப்புக்கொள்வதில்லை. 5,700-க்குத்தான். எங்கிருந்து இந்த எண்? 4,56,000 ரூபாயை 1 ரூபாய் 60 காசு கூலியில் எடுக்க 2,85,000 சொல் போதும். ஆண்டுக்கு 50 வாரம் வேலை என்றால் வாரத்துக்கு 5,700. பகலும் இரவுமாக அடித்துப் பிடித்துச் சம்பாதித்த அதே தொகை, நாளைக்கு நான்கு மணி நேர வரைவில், ஏறக்குறைய ஒரு நாளுக்கான இடம் மிச்சமிருக்கும்படி வந்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்கு வந்தது மகிழ்ச்சி அல்ல, கோபம். இத்தனை ஆண்டு யாருக்காக அந்த இரவுகள்?

அந்த மிச்ச இடத்தை யாரும் நிரப்பக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். மின்சாரம் போகும். ‘ஒரு சின்ன திருத்தம் சார்’ என்று பன்னிரண்டு பக்கம் திரும்பி வரும். கொள்ளளவு முழுவதையும் விற்றுவிட்டவனுக்கு இவை ஒவ்வொன்றும் ஓர் இரவு. வேலை வரும்போது நான் கேட்கும் கேள்வி ‘முடியுமா’ என்பதல்ல. ‘எந்த வாரத்தில் இடம் இருக்கிறது’ என்பது. “மூணாவது வாரம் தரேன்” என்றால் பாதிப் பேர் சரி என்கிறார்கள். அவசரம் என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் அவர்களுடைய பழக்கம்.

வெள்ளிக்கிழமை காலை மொழிபெயர்ப்பு இல்லை. அது கணக்கு நாள். அந்த வாரம் முடித்த வேலைக்கு அன்றே பில். வராத காசுக்கு நினைவூட்டல். பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கும் புதியவர் ஒருவருக்கும் கடிதம். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து காசு வெளியே போகக் கூடாது என்பார்கள். உள்ளே வரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

இந்த ஒழுங்கில் எதை வேண்டுமானாலும் ஒரு வாரம் விடலாம், வெள்ளிக்கிழமையை விடக் கூடாது. அதுவும் வேலை தலைக்கு மேல் ஓடும் மார்ச் மாதத்தில் விடவே கூடாது. அப்போது அனுப்பும் இரண்டு கடிதங்கள்தான் ஜூனுக்கான மழை. ஏரியும் ஒழுங்கும் ஏன் பிரிக்க முடியாதவை என்பது இங்கே தெரியும். ஒழுங்கு இல்லாவிட்டால் ஏரிக்கு வரத்துக் கால்வாய் தூர்ந்துபோகும். ஏரி இல்லாவிட்டால் முதல் வறண்ட மாதத்துப் பயத்திலேயே ஒழுங்கு உடையும்; மூன்று வேலைக்குச் சரி சொல்லி, பதினோரு நாளில் முன்னூறு பக்கத்துக்குப் போய் நிற்போம்.

*

ஒரு மறுப்பு நியாயமானது. “வருமானமே பத்தல, எதைத் தேக்குறது?” ஆண்டு வரவு ஆண்டுச் செலவை விடக் குறைவாக இருந்தால் எந்த ஏரியும் உதவாது. பன்னிரண்டு மாத வரவைக் கூட்டிப் பாருங்கள். அது செலவைத் தொடவில்லை என்றால் உங்கள் பிரச்சினை கூலி. கூலியை உயர்த்த வேண்டும் அல்லது அரைநாள் வேலை ஒன்றைப் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் போய்ச் சேமிப்பின் மகிமை பேசுவது அயோக்கியத்தனம். ஆனால் கூட்டிப் பார்க்காமலே ‘பத்தல’ என்று சொல்கிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். எனக்கு 60,000 மிச்சமிருந்தது.

இன்னொரு மறுப்பை நானே சொல்கிறேன். நீங்கள் ஏரி வெட்டிக்கொள்வது, தாமதமாகக் காசு தருகிறவர்களுக்கு வசதியாகிவிடாதா? ஆகும், நாம் சும்மா இருந்தால். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நம்மைப் போன்ற தனிநபர் சேவைத் தொழிலுக்கும் பொருந்தும். உத்யம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் 45 நாளுக்குள் காசு தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2023 நிதிச் சட்டத் திருத்தத்தின்படி, கெடு தாண்டி நிறுத்திவைத்த தொகையை, கொடுத்து முடிக்கும்வரை வரிக்கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. என் பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் 45 நாள் கெடுவையும் இரண்டு வரியில் அச்சிட்டிருக்கிறேன். வழக்குக்குப் போனதில்லை. அந்த இரண்டு வரியைப் பார்த்த பிறகு கணக்குப் பிரிவுக்காரர்களின் குரல் மாறியிருக்கிறது.

அந்த வரிகளை அச்சிடும் துணிச்சல் எனக்கு 2018-ல் இல்லை. இவர் கோபித்துக்கொண்டு வேலை தராமல் போனால் ஜூனில் என்ன செய்வது என்ற பயம். ஏரியில் 90,000 நிற்கும்போது அந்தக் குரல் அடங்கிவிடுகிறது. தாமதமாகத் தருகிறவரின் பலமே நம் காலி ஏரிதான்.

அஞ்சலிக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, இறந்தவரின் மகன் வாசலில் நின்றிருந்தான். கையில் ஒரு பழைய டைரி. “அப்பாவுக்கு வரவேண்டிய காசு சிலது இதுல எழுதியிருக்காரு அங்கிள், யாருகிட்ட கேக்கணும்னு தெரியல” என்றான். வாங்கிப் பார்த்தேன். ஒன்பது பெயர்கள், எதிரில் தொகை. எதற்கும் தேதி இல்லை, பில் எண் இல்லை. அவற்றில் ஒரு பெயர், சற்று முன் மேடையில் அர்ப்பணிப்பைப் பற்றிப் பேசி இறங்கியவருடையது.

அவனை வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு வரச் சொன்னேன்.